தராசை எப்போது வைப்பது, எப்போது எடுப்பது

நேரியல் சமன்பாடு பாடம் என்றாலே பலகையில் ஒரு தராசு வந்துவிடும். இடது தட்டில் x + 3, வலது தட்டில் 7. "ரெண்டு பக்கமும் மூணை எடு, x = 4" என்போம், பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலில் எனக்கு நம்பிக்கை இல்லை. எதோடு மூன்றைக் கூட்டினால் ஏழு வரும் என்பது சின்ன வகுப்புக் கணக்கு. கேள்வியைப் படித்தவுடனே விடை தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தராசு எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டால், நியாயமாகச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை.

2x + 3 = 11 என்று கொடுத்தாலும் கதை பெரிதாக மாறாது. 11-இல் 3 போனால் 8, அதில் பாதி 4 என்று பின்னாலிருந்து வந்துவிடுவார்கள். சரியான வழிதான். ஆனால் அங்கே சமக்குறி இன்னும் "விடை வருகிறது" என்ற பொருளில்தான் நிற்கிறது. இது சந்தேகமாக இருந்தால் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லிப் பாருங்கள். 12 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சமக்குறியின் இரு பக்கமும் ஒரே மதிப்பு என்பது அவர்களுக்கு இன்னும் பழகவில்லை.

அதனால் நான் தராசை வைத்துத் தொடங்கும் கணக்கு 3x + 2 = x + 8. இரண்டு பக்கமும் x இருப்பதால் பின்னாலிருந்து வர முடியாது. வலது பக்கம் இருப்பது ஒரு விடையே இல்லை, அதுவும் தெரியாத ஒன்றுதான். மெக்சிகோவைச் சேர்ந்த கணிதக் கல்வி ஆய்வாளர்கள் ஃபில்லோய், ரோஹானோ இருவரும் 1989-இல் எழுதிய கட்டுரையில், எண்கணிதத்துக்கும் இயற்கணிதத்துக்கும் இடையே வெட்டு விழும் இடம் இதுதான் என்றார்கள். வகுப்பிலும் அப்படித்தான் தெரிகிறது. அதுவரை மளமளவென்று போட்டுவந்த பிள்ளைகள் இங்கே பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். தராசுக்கு வேலை வருவது அப்போதுதான்.

மேசையில் இரண்டு தட்டுத் தராசு, ஒரே அளவு இரும்பு வாஷர்கள், ஒரே மாதிரியான காலித் தீப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் மூன்று வாஷர் போட்டு, ஆடிச் சத்தம் வராதபடி பஞ்சு அடைத்து, மேலே x என்று எழுதியிருப்பேன். இடது தட்டில் மூன்று பெட்டி, இரண்டு வாஷர். வலது தட்டில் ஒரு பெட்டி, எட்டு வாஷர்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. பெட்டிக்கும் பஞ்சுக்கும் எடை இருக்கிறதே! இடது பக்கம் இரண்டு பெட்டி கூடுதல் என்பதால், கொஞ்சம் நுட்பமான தராசாக இருந்தால் தட்டு இடது பக்கம் சாயும். எல்லோர் கண் முன்னாலும் 3x + 2 = x + 8 பொய்யாகிவிடும். அதைச் சரிக்கட்ட, பஞ்சு மட்டும் அடைத்த வெற்றுப்பெட்டிகள் இரண்டை வலது தட்டில் வைக்க வேண்டும். அவற்றின் மேல் 0 என்று பெரிதாக எழுதிவைப்பது நல்லது. இல்லாவிட்டால் யாராவது அவற்றையும் x என்று எண்ணிவிடுவார்கள். "பெட்டிக்கு எடை இல்லைன்னு வெச்சுக்கோ" என்று வாயால் சொல்லிக் கடப்பதைவிட இது மேல். எடையைக் கண்ணால் பார் என்று சொல்லிவிட்டு, இந்த எடையை மட்டும் பார்க்காதே என்று சொல்வது பிள்ளைகளுக்கு ஒட்டாது. வாஷர் பெரியதாகவும் பெட்டி மெல்லிய காகிதப் பையாகவும் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

முதலில் இரண்டு விதிகளை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பேன். x என்று எழுதிய எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணிக்கை. பெட்டியைத் திறக்கக் கூடாது. அப்புறம் ஒரே கேள்விதான்: தட்டு சாயாமல் என்ன செய்யலாம்?

பெரும்பாலும் முதல் கை வாஷரிடம்தான் போகும். இடது பக்கம் உள்ள இரண்டை எடுத்துவிடுவார்கள். தட்டு மேலே போகும். நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்பவரே வலது தட்டிலிருந்து இரண்டை எடுத்துவிடுவார். இப்போது மூன்று பெட்டிக்கு ஒரு பெட்டியும் ஆறு வாஷரும் சமம். பலகையில் 3x = x + 6 என்று எழுதி, முந்தின வரிக்கும் இதற்கும் நடுவில் இரண்டு பக்கமும் −2 என்று குறிப்போம்.

அடுத்த அடி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். பெட்டியை எடுக்கலாமா என்று தயங்குவார்கள். "உள்ள எவ்வளவு இருக்குன்னே தெரியாதே சார், எப்படி எடுக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடத்தின் மையமே அந்தக் கேள்வியில் இருக்கிறது. பதிலை நான் சொல்லவில்லை. இன்னொருவன் எழுந்து வந்து, இரு தட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தட்டுக்கொரு பெட்டி எடுத்தான். முள் ஆடி நடுவில் நின்றது. (எண்ணி வைத்திருந்த வெற்றுப்பெட்டிகள் இரண்டும் அப்படியே இருந்தன. இடது பக்கம் இரண்டு x பெட்டி, வலது பக்கம் ஆறு வாஷரும் இரண்டு வெற்றுப்பெட்டியும்.) எவ்வளவு என்று தெரியாததைக்கூட, இரண்டு பக்கமும் அதே அளவுதான் என்று தெரிந்தால் எடுக்கலாம். x + 3 = 7-இல் இதைக் காட்ட வழியே இல்லை.

இப்போது 2x = 6. இந்த இடத்தில் நான் வேண்டுமென்றே நிறுத்தி, தராசைப் பார்க்காமல் அடுத்த வரியை நோட்டில் எழுதச் சொல்வேன். x = 4 என்று எழுதியவர்கள் இருப்பார்கள். இரண்டு பக்கமும் 2 எடுத்தேன் என்பார்கள். முந்தைய அடிகளில் கழித்துத்தானே வந்தோம், இதையும் கழித்தால் என்ன? சூத்திரத்தை மட்டும் பார்த்து "இங்கே வகுக்கணும்" என்று திருத்தினால் அடுத்த வாரம் அதே பிழை திரும்ப வரும். தராசிடம் அனுப்பி, "சரி, ரெண்டை எடு" என்றால் கை அந்தரத்தில் நிற்கும். எந்த இரண்டு? இடது தட்டில் தனி வாஷர் எதுவும் இல்லை. இருப்பது இரண்டு பெட்டி. 2x-இல் உள்ள 2 பெட்டிகளின் எண்ணிக்கை, 3x + 2-இல் தனியாக நின்ற 2 வாஷரின் எண்ணிக்கை. கெழு, மாறிலி என்று பெயர் சொல்லி எத்தனை தடவை விளக்கினாலும் பிடிபடாத வேறுபாடு, எடுக்கப் போன கைக்குப் புரிந்துவிடுகிறது. அப்புறம் ஆறு வாஷரை இரண்டு குவியலாகப் பிரித்து, ஒரு பெட்டிக்கு ஒரு குவியல் என்று நேர் எதிரே வைப்பார்கள். x = 3.

பெட்டியைத் திறக்க எல்லோரும் துடிப்பார்கள். அதற்கு முன்னால் முதல் வரியில் 3-ஐப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 3 × 3 + 2 என்றால் 11, 3 + 8 என்றாலும் 11. சரிபார்த்த பிறகுதான் பெட்டி திறக்கும்.

உண்மையான தராசு இரண்டு மூன்று கணக்கோடு அலமாரிக்குப் போய்விட வேண்டும் என்பது என் கருத்து. பிறகு நோட்டில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் கட்டங்களும் வட்டங்களும். அப்புறம் அந்தப் படமும் போய், சமன்பாட்டின் இரண்டு பக்கத்துக்கும் கீழே −2, −x என்று எழுதும் வரி மட்டும் இருக்கும். அந்த வரியை அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது. "அந்தப் பக்கம் போனா குறி மாறும்" என்ற குறுக்குவழி பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து எப்படியும் வந்து சேரும். தராசு பார்த்தவர்களுக்கு அது இரண்டு பக்கமும் கழித்ததன் சுருக்கம். பார்க்காதவர்கள் 2x = 6-ஐ x = 6 − 2 என்று எழுதுவார்கள், சிலர் 2-க்கும் குறியை மாற்றி x = 6 ÷ (−2) என்றும் போடுவார்கள்.

சீக்கிரம் எடுத்துவைக்கச் சொல்வதற்குக் காரணம் கழித்தல் குறி. 2x − 3 = 7 என்று வந்ததும், "மைனஸ் மூணைத் தட்டுல எப்படி வைக்கிறது?" என்று கேட்பார்கள். இதற்கு ஓரளவு வழி இருக்கிறது. இரண்டு பெட்டிகளிலிருந்து மொத்தம் மூன்று வாஷரை ஏற்கெனவே எடுத்துவிட்டதால்தான் 7 என்று நிற்கிறது, அந்த மூன்றையும் இரு பக்கமும் திருப்பிப் போடு என்று சொல்லலாம். தட்டில் மேலே இழுக்கும் பலூன்களைக் கட்டிக் குறை எண்ணைக் காட்டும் கணினித் தராசுகளும் உண்டு. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. பலூன் எவ்வளவு இழுக்கும், ஒரு பலூனும் ஒரு எடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பலூனுக்கே தனிப் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. எண் கோட்டில் முழுக்களைக் கூட்டிக் கழிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்தச் சுற்று தேவையில்லை.

x + 5 = 2 வரும்போது தராசு முழுதாகக் கைவிடும். அதை மறைக்காமல் செய்துகாட்டுவதே நல்லது. இடது தட்டில் ஐந்து வாஷரும் ஒரு பெட்டியும், வலது தட்டில் இரண்டு வாஷர். பெட்டி காலியாக இருந்தால்கூட இடது பக்கம்தான் சாயும். வாஷரைப் போடப் போட இன்னும் சாயும். இப்படி ஒரு தராசு இருக்கவே முடியாது என்று அவர்களே சொல்வார்கள். அடுத்து நோட்டில் அதே பழைய வேலை: இரண்டு பக்கமும் −5, x = −3. போட்டுப் பார்த்தால் −3 + 5 = 2, சரியாக வருகிறது. தட்டில் வைக்க முடியாத எண்ணுக்கும் இரண்டு பக்கமும் ஒரே வேலை செய்வது பொருந்துகிறது என்று கண்ட பிறகு, எதைச் செய்தாலும் படம் வரைந்து பார்க்கும் பழக்கம் பலருக்குத் தானாகவே விட்டுப்போகிறது.

எல்லோருக்கும் விட்டுப்போவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுப்பது 5 − x = 2x − 4. இதில் x-ஐக் கழித்தே பழகியவர்கள் முதல் அடியில் இரு பக்கமும் x-ஐக் கழித்து, இடது பக்கம் 5 மட்டும் மீதி என்று எழுதிவிடுவார்கள். அங்கே இருந்தது −x, அதிலிருந்து இன்னும் ஒரு x-ஐக் கழித்தால் −2x ஆகும் என்பதைப் பார்ப்பதில்லை. பெட்டியை எடுத்த ஞாபகம் மட்டும் இருக்கிறது, எதற்காக எடுத்தோம் என்பது இல்லை. இவர்களை மறுபடி 3x + 2 = x + 8-க்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு அடியிலும் தட்டில் என்ன மிச்சம் என்று கேட்க வேண்டியிருக்கும். மற்றவர்கள் இரண்டு பக்கத்துக்கும் கீழே +x என்று எழுதி 5 = 3x − 4 என்று வருவார்கள். பிறகு +4, 9 = 3x, x = 3. சிலர் பழக்கதோஷத்தில் ஓரத்தில் ஒரு தராசு வரைந்திருப்பார்கள், அதன் தட்டுகளில் ஒன்றுமே இருக்காது.