குண்டுமல்லி அத்தர்: ஆறு ராத்திரி, பத்து மில்லி

உத்தரப்பிரதேசத்தின் அத்தர் ஊரான கன்னோஜில் செய்கிற மாதிரி ஒரு அத்தரை வீட்டு அடுப்பில் வடித்துப் பார்க்கலாம் என்று சித்திரையில் இறங்கினேன். அங்கே ‘பேலா’ என்று அவர்கள் வடிப்பது நம் குண்டுமல்லியேதான். பூவும் தண்ணீரும் கொதிக்கும் செம்புப் பாத்திரம் ‘தேக்’. தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து ஆவியை வாங்கிக்கொள்ளும் செம்பு ‘பப்கா’. இரண்டையும் கயிறு சுற்றிய மூங்கில் குழாய் இணைக்கும். பப்காவுக்குள் முன்கூட்டியே சந்தன எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். ஆவி குளிர்ந்து தண்ணீராகும்போது, அதில் வரும் மணத்தைச் சந்தனம் பிடித்துக்கொள்ளும். ஆல்கஹாலுக்கு இதில் எங்கும் வேலை இல்லை.

என் தேக், பரணில் கிடந்த சின்னச் செப்புக்குடம். முதலில் குக்கரில்தான் முயன்றேன். வந்த தண்ணீரில் மல்லியைவிட காஸ்கெட் ரப்பர்தான் தூக்கலாக மணந்தது. அதனால் குடத்தின் வாயில் சிரட்டையைக் கவிழ்த்து, அதன் கண் வழியாக ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய செம்புக் குழாயைச் செருகி, சுற்றிலும் மைதா மாவு அப்பினேன். பப்காவுக்குப் பதில் ஐஸ் தண்ணீர் வாளியில் ஒரு கண்ணாடிப் புட்டி, அதில் 10 மில்லி சந்தன எண்ணெய். குழாய் நுழையும் புட்டி வாயை மூடவே கூடாது. ஆவிக்குப் போக்கு இல்லாவிட்டால் குடமே வெடிகுண்டு.

சாயங்காலம் அரை கிலோ மொட்டு வாங்கி, முறத்தில் பரப்பிவிட்டுக் காத்திருந்தேன். மொட்டில் மணம் இல்லை. எட்டரை, ஒன்பதுக்கு மேல் விரிந்தபிறகுதான் வீடே மணக்கும், அப்போதுதான் குடத்தில் போட வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீர், சிம்மில் ஒன்றரை மணி நேரம். தீயைக் கூட்டினால் பூ வெந்து கீரை வாடை வந்துவிடுகிறது.

முதல் ராத்திரியே ஒரு கூத்து. மணம் வீணாகக் கூடாது என்று குழாயின் நுனியை எண்ணெய்க்குள் முக்கி வைத்திருந்தேன். அடுப்பை அணைத்த ஒரு நிமிஷத்தில் ‘சர்ர்’ என்று சத்தம். குடத்தில் ஆவி குளிர்ந்து வெற்றிடமாகி, மேலே மிதந்த எண்ணெயைக் குழாய் வழியாகப் பின்னுக்கு இழுத்துவிட்டது. பாதிச் சந்தனம் வெந்த மல்லிக்குள் போய்ச் சேர்ந்தது. அத்தனை விலை கொடுத்தது! மறுநாள் எண்ணெயைப் புதிதாக அளந்து ஊற்றி ஆரம்பித்தேன். அதிலிருந்து நுனியை எண்ணெய்க்கு ஓர் அங்குலம் மேலேயே நிறுத்தி, அணைக்கும் முன்பே புட்டியைக் கழற்றிவிடுகிறேன்.

வடித்தவுடன் புட்டியில் இருப்பது நீராகாரம் மாதிரிக் கலங்கல். சந்தன எண்ணெயின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் குறைவு, அதனால் அது சட்டென்று மேலே வராது. கன்னோஜில் ஒரு ராத்திரி ஆறவிட்டு, அடித்துளை வழியாகத் தண்ணீரை இறக்குவது இதனால்தான். நான் மெல்லிய குழாயை அடிவரை விட்டுத் தண்ணீரை மட்டும் உறிஞ்சி எடுத்தேன். அந்தத் தண்ணீரைக் கொட்டுவதில்லை. அதிலும் மணம் கரைந்திருக்கிறது, அடுத்த நாள் புதுப் பூவோடு குடத்துக்கே போகும். அதே எண்ணெய்மேல் ஆறு ராத்திரி, மொத்தம் மூன்று கிலோ பூ. மூன்றாம் நாள் வரை வெறும் சந்தனம்தான் மணந்தது. நான்காம் நாள் காலை மூடியைத் திறந்தபோதுதான் மல்லி தெரிந்தது.

போட்டுப் பார்த்த கதை: இடது மணிக்கட்டில் இந்த அத்தர், வலதில் கடையில் வாங்கிய மல்லிகை ஸ்ப்ரே. ஸ்ப்ரே அடித்த நொடியே அறை முழுக்க மல்லி. ஆல்கஹால் பறக்கிற வேகத்தில் மணத்தையும் தூக்கிக்கொண்டு போகிறது. இரண்டு மணி நேரத்தில் மூக்கை ஒட்டி வைத்தால்தான் ஏதோ இருந்தது. அத்தரோ முதல் கால் மணி நேரம் ஊமை. காகிதத்தில் தொட்டு முகர்ந்தால் இன்னும் மோசம். தோல் சூட்டில்தான் மெல்ல எழுகிறது, அதுவும் கை நீட்டும் தூரத்தைத் தாண்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்த என் மனைவிக்குத் தெரிந்தது, எதிர் நாற்காலியில் இருந்த அப்பாவுக்குத் தெரியவில்லை.

ஐந்தாறு மணி நேரத்துக்குமேல் அத்தரிலும் மல்லி விலகிவிட்டது, நின்றது சந்தனம்தான். சந்தனத்தின் கனமான மூலக்கூறுகள் லேசில் ஆவியாவதில்லை. மல்லியின் லேசானவற்றை அது தாமதப்படுத்துமே தவிர, நிரந்தரமாகக் கட்டிப்போடாது. மறுநாள் காலையிலும் மணிக்கட்டில் சந்தனம் இருந்தது. சரமாகத் தொடுத்த மல்லியின் மணத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், இது மல்லி படிந்த சந்தனம்.

பள்ளிவாசல் தெருவில் அத்தர் விற்கும் பாயிடம் காட்டினேன். முகர்ந்துவிட்டு, நான் மணிக்கட்டுகளை உரசுவதைப் பார்த்துச் சிரித்தார். “தேய்க்காதீங்க தம்பி, ஒத்துங்க. பஞ்சுல நனைச்சு காது மடல்ல வையுங்க, சாயங்காலம் வரைக்கும் வரும்.” சட்டையில் மட்டும் வேண்டாம் என்றார். அதற்குள் என் வெள்ளை வேட்டியில் எண்ணெய்க் கறை ஏறியிருந்தது.

“இதுல இன்னும் தண்ணி இருக்கு” என்று புட்டியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பார்த்தால் லேசான மூட்டம். கன்னோஜில் இந்த ஈரம் போகத்தான் தோல் குப்பியில் ஊற்றி வைக்கிறார்கள். என்னிடம் தோல் குப்பி இல்லை. வாயில் மெல்லிய துணி கட்டி அலமாரி இருட்டில் வைத்திருக்கிறேன், அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பிரிந்து நிற்கிறது.