இரண்டாவது நீதிமன்றம் இரண்டாம் அறையில் இல்லை

சம்மனில் ‘இரண்டாவது கூடுதல் நீதிமன்றம்’ என்று இருந்தது. தாழ்வாரத்தில் ‘2’ என்று எழுதிய கதவைக் கண்டதும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். நண்பனின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதால் வந்த வழக்கு. கோர்ட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. அங்கே நடப்பதெல்லாம் விவாகரத்து வழக்குகள் என்று உறைப்பதற்கு அரை மணி நேரம் ஆனது.

வெளியே வந்து விழித்துக்கொண்டு நின்றேன். மார்போடு கோப்புகளை அணைத்தபடி வந்த எழுத்தர் ஒருவர் என் முகத்தைப் பார்த்து நின்றார்.

“முதல் தடவையா? சம்மனைக் காட்டுங்கள்.”

என்ன வழக்கு என்று அவர் கேட்கவே இல்லை. வழக்கு எண், ஆண்டு, நீதிமன்றத்தின் பெயர், தேதி ஆகியவற்றைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். ‘இரண்டாவது’ என்பது நீதிமன்றத்தின் பெயராம். கதவில் இருப்பது வெறும் அறை எண். என் நீதிமன்றம் மாடியில் ஏழாம் அறையில் நடந்துகொண்டிருந்தது. கதவில் நீதிமன்றத்தின் பெயரையும் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“வாசலில் பட்டியல் ஒட்டியிருக்கும். எண்ணை ஆண்டோடு சேர்த்துத் தேடுங்கள். அப்புறம், உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். வழக்குப் போட்டவர் பெயர்தான் முதலில் வரும்.”

“நான் என்ன சொல்ல வேண்டும்?”

“அதை நான் சொல்லக் கூடாது. வக்கீலைக் கேளுங்கள். ஆனால் கூப்பிடும்போது இல்லாமல் போய்விடாதீர்கள். நீங்கள் வரவில்லை என்று எழுதி ஒருதலைப்பட்சமாக முடித்துவிட்டால், அதை நீக்கக் கோரித் தனியாக மனுப் போட்டு அலைய வேண்டும்.”

பட்டியலில் ஒன்பதாவது வரியில் 214 இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்ட பிறகுதான் ஆண்டைப் பார்த்தேன்: 2021. என்னுடையது 214/2022, முப்பத்தொன்றாவது வரியில் இருந்தது. எண் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவதால் இந்தக் குழப்பம்.

மதியத்துக்குச் சற்று முன் கூப்பிட்டார்கள். எண்ணைப் பாதி விழுங்கி, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரை ஒரே மூச்சில் சொன்னார்கள். என் பெயரை எதிர்பார்த்திருந்தால் தவறவிட்டிருப்பேன். எழுந்து, வந்திருக்கிறேன் என்றும் வக்கீல் வைக்க அவகாசம் வேண்டும் என்றும் சொன்னேன். நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த தேதி கொடுத்தார். நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது.

சம்மனின் ஓரத்தில் அந்தத் தேதியையும் ‘அறை 7, மாடி’ என்பதையும் பெரிதாக எழுதிக்கொண்டேன். அடுத்த முறை வக்கீலோடு நேராக மாடிக்கே போனோம். ஏழாம் அறை பூட்டியிருந்தது. நீதிபதி விடுப்பில் இருப்பதால் வழக்குகள் நான்காம் அறையில் அழைக்கப்படும் என்று கதவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.