தேடுனா வராத கோமதி: ஒரு பக் ரிப்போர்ட்டை பிரிச்சு அடுக்குனது

திருநெல்வேலில ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில சப்போர்ட்ல இருக்கேன். எங்க பில்லிங் சாஃப்ட்வேர் தென்காசி, அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் பக்கமெல்லாம் கடைகள்ல ஓடுது, கோடு எழுதுத டீம் மட்டும் சென்னைல இருக்கு. கடையில இருந்து வார புகாரை டீமுக்குப் புரியுத மாதிரி டிக்கெட்டாக்குதது என் வேலை. சங்கரன்கோவில்ல ஒரு மொத்த பலசரக்குக் கடையில இருந்து கணக்குப்பிள்ளை அண்ணாச்சி நேரா ஆப்லயே போட்ட டிக்கெட் இது:

> சார் வணக்கம் கஸ்டமர் தேடுனா வரமாட்டேங்குது, கோமதின்னு போட்டா ஒருத்தவங்க தான் வாராவ மத்தவங்க இல்ல, நெட் ஸ்லோன்னு நெனைக்கேன் இல்லன்னா போன அப்டேட்டுக்குப் பொறவு தான் இப்படி, போன்லயும் அப்படித்தான், கடன் பாக்கி பாக்க முடியல, ஆடித்தபசு கூட்டம் வேற, உடனே சரி பண்ணுங்க

சென்னைல டெவலப்பர் தன்னோட மெஷின்ல கோமதின்னு ஒரு கஸ்டமர் சேத்தாரு, தேடுனாரு, வந்துச்சு, "இங்க ரீப்ரொட்யூஸ் ஆகல"ன்னு மூடிட்டாரு. அவர் பண்ணது நியாயம் தான், அந்தப் பத்தியைப் படிச்சா யாரும் அதைத்தான் செய்வாங்க. அண்ணாச்சி எழுதுனதுலயும் பொய் ஒண்ணும் கெடையாது, கண்ணால பாத்தது, எதிர்பாத்தது, மனசுல நெனைச்சது, அவசரம் எல்லாம் ஒரே மூச்சுல வந்துருக்கு, அவ்வளவுதான்.

நான் புது டிக்கெட் தொறந்து நாலு தலைப்பு போட்டு வச்சேன்: செய்யும் படிகள், வர வேண்டியது, வந்தது, சூழல். பொறவு அந்தப் பத்தியில இருந்து ஒவ்வொரு துண்டா எடுத்து அதுக்குரிய எடத்துல வச்சேன். எதுலயும் சேராதது ரெண்டு மிஞ்சுச்சு, "நெட் ஸ்லோ", "அப்டேட்டுக்குப் பொறவு". ரெண்டும் ஊகம். ஊகத்தை நான் தூக்கிப் போட மாட்டேன், சில நேரம் அதுல தான் துப்பு இருக்கும், ஆனா நாலுக்கும் கீழ தனியா "கடைக்காரர் நினைப்பது"ன்னு வச்சுருவேன், "வந்தது"க்குள்ள மட்டும் விடவே கூடாது. விட்டா டெவலப்பர் நெட்டைத் தான் தோண்டிக்கிட்டு இருப்பாரு.

"வந்தது" தான் மொதல்ல எழுதுனேன், ஏன்னா அது தான் கையில இருக்க ஒரே சாட்சி. "தேடல் வேலை செய்யல"ன்னு எழுதுனா அதுல ஒண்ணும் இல்ல. அண்ணாச்சிக்கு போன் போட்டு, "அண்ணாச்சி, லிஸ்டைத் தேடாம கீழ வரைக்கும் தள்ளிப் பாருங்க, கோமதின்னு எத்தனை பேர் இருக்காவ?"ன்னு கேட்டேன். நாலு பேருன்னாவ. "தேடுனா எத்தனை?" ஒண்ணு. அந்த ஒண்ணு யாருன்னு கேட்டதுக்கு, "அது போன மாசம் நான் தான் தம்பி சேத்தேன், மத்த மூணும் பழைய நோட்டுல இருந்தவிய"ன்னாவ. எனக்கு அங்கயே பொறி தட்டிருச்சு. வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும் என்ன வித்தியாசம்னு கேக்காம "வந்தது"ங்கற கட்டத்தை நெரப்ப முடியாது, நெரப்பப் போனதுனால தான் இந்தக் கேள்வியே வந்துச்சு.

அடுத்து படிகள். இதுல எல்லாரும் விட்டுருதது தொடக்க நெலை, அதாவது முதல் படிக்கு முன்னாடி சிஸ்டத்துல என்ன இருந்துச்சுங்கறது. டெவலப்பர் கோமதியைக் கையால டைப் பண்ணிச் சேத்தாரு. கடையில அந்த மூணு பேரும் எக்செல் ஃபைல்ல இருந்து இம்போர்ட் ஆகி வந்தவங்க. அந்த ஃபைலோட பூர்வீகத்தைக் கேட்டா, யூனிகோடு வாரதுக்கு முன்னாடி இருந்த பழைய ஃபான்ட்ல யாரோ அடிச்சு வச்ச லிஸ்ட்டை ஒரு டிடிபி சென்டர்ல குடுத்து மாத்தி வாங்கிருக்காவ. இதைப் படியில எழுதவா சூழல்ல எழுதவான்னு கொஞ்சம் யோசிச்சேன். நான் வச்சுருக்க அளவுகோல் என்னன்னா, ஒருத்தர் கை வச்சு செஞ்சா தான் நடக்கும்னா அது படி, சும்மா இருந்தாலும் அங்க இருக்கும்னா அது சூழல். இம்போர்ட் பண்ணாம இந்தக் கோளாறு வராது, அதனால அது படி. விண்டோஸ் 10, ஆண்ட்ராய்டு 13, ஆப் வெர்ஷன் இதெல்லாம் சூழல். அண்ணாச்சி "போன்லயும் அப்படித்தான்"னு சொன்னது ரொம்பப் பிரயோஜனமான வார்த்தை, ரெண்டு மெஷின்லயும் ஒரே மாதிரி வருதுன்னா சூழல் மேல சந்தேகம் கொறையுது. அதையும் சூழல்ல அப்படியே எழுதுனேன்.

அந்த எக்செல்லை வாங்கி என் மெஷின்ல இம்போர்ட் பண்ணுனேன், கோமதி வரல. அப்பாடா, இங்கயும் வருது கோளாறு. பொறவு கடையில மாதிரியே கையால ஒரு கோமதியும் சேத்துக்கிட்டு, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாத்தேன். "மதி"ன்னு மட்டும் தேடுனா நாலு கோமதியும் வாராவ. "கோ"ன்னு தேடுனா ஒருத்தவிய தான். சேர்மக்கனி வருது, முத்துலட்சுமி வருது, பொன்னுத்தாய் வரல. அப்போ நெட்டும் இல்ல அப்டேட்டும் இல்ல, கோ, பொ மாதிரி எழுத்துல தான் விஷயம். லிஸ்ட்ல இருந்த ரெண்டு "கோ"வையும் எடுத்து பைத்தான்ல பிரிச்சுப் பாத்தேன், `a` கையால அடிச்சது, `b` இம்போர்ட்ல வந்தது:

```
>>> [hex(ord(c)) for c in a]
['0xb95', '0xbcb']
>>> [hex(ord(c)) for c in b]
['0xb95', '0xbc7', '0xbbe']
```

யூனிகோட்ல ஓகாரக் குறிக்கு `U+0BCB`ன்னு தனி எண் இருக்கு. அதையே ஏகாரக் குறி `U+0BC7`, பொறவு கால் `U+0BBE`ன்னு ரெண்டாவும் எழுதலாம். திரையில ரெண்டும் ஒரே கோ தான், கண்ணுக்கு ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியாது. பழைய ஃபான்ட்ல கொம்பை மொதல்ல அடிச்சு, பொறவு க, பொறவு காலுன்னு மூணா அடிப்பாங்க. மாத்திக் குடுத்த கன்வெர்ட்டர் கொம்பைத் தூக்கி கவுக்குப் பின்னாடி வச்சுருக்கு, காலோட சேத்து ஒண்ணாக்காம விட்டுருச்சு. எங்க தேடல் எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் பாக்குது, அதனால அதுக்கு ரெண்டும் வேற வேற பேரு. சேர்மக்கனில ஏகாரம் மட்டும் தான், காலு கெடையாது, அதனால தப்பிச்சுட்டு.

இதனால தான் ஸ்க்ரீன்ஷாட் இந்த டிக்கெட்ல ஒண்ணுக்கும் ஆகல. பேரை காப்பி பண்ணி டிக்கெட்ல ஒட்டுனாலும் நம்ப முடியாது, வழியில ஏதாவது ஒரு ப்ரோகிராம் பிரிஞ்சதைச் சேத்துரலாம், பொறவு டெவலப்பருக்கு நல்ல கோ தான் போய்ச் சேரும். ரெண்டே வரி உள்ள ஒரு சிஎஸ்வி ஃபைலை யுடிஎஃப்-8ல செஞ்சு, கடைக்காரங்க நெசப் பேரு, போன் நம்பர் எதுவும் இல்லாம, டிக்கெட்ல இணைச்சேன். கடைசியா டிக்கெட் இப்படி நின்னுச்சு:

> தலைப்பு: இம்போர்ட் ஆன பேர்ல ஒகரம்/ஓகாரம் பிரிஞ்ச குறியா இருந்தா தேடல்ல வரல
>
> படிகள்: கஸ்டமர் யாரும் இல்லாத புது கணக்குல தொடங்கவும். இணைச்ச ஃபைலை இம்போர்ட் பண்ணவும். லிஸ்ட்ல கோமதி, பொன்னுத்தாய் தெரியுதான்னு பாக்கவும். தேடல் பெட்டில "கோமதி"ன்னு கீபோர்ட்ல அடிக்கவும், ஒட்டக் கூடாது.
>
> வர வேண்டியது: கோமதி தேடல்ல வரணும். ரெண்டு வடிவமும் யூனிகோடு தரப்படி சமம்.
>
> வந்தது: லிஸ்ட் காலி. "மதி"ன்னு தேடுனா வருது. ஒவ்வொரு தடவையும் இப்படியே.
>
> சூழல்: கடையில விண்டோஸ் 10, ஆண்ட்ராய்டு 13, ரெண்டுலயும். என் மெஷின்லயும். ஆப் வெர்ஷன் எல்லாத்துலயும் ஒண்ணு.

"ஒட்டக் கூடாது"ன்னு போட்டது சின்ன விஷயம் மாதிரி தெரியும். லிஸ்ட்ல இருந்தே பேரை காப்பி பண்ணித் தேடுனா பிரிஞ்ச குறியும் பிரிஞ்ச குறியும் பொருந்திரும், கோமதி வந்துருவாவ, டிக்கெட் மறுபடியும் மூடிருவாங்க.

"வர வேண்டியது"ல அந்த ரெண்டாவது வரியை நான் வேணும்னே சேத்தேன். டெவலப்பர் மொதல்ல போன்ல சொன்னாரு, "ரெண்டும் வேற ஸ்ட்ரிங் தானங்க, தேடல் சரியாத்தான் பண்ணுது." அவர் பக்கத்துல இருந்து பாத்தா அது உண்மை. நமக்கு இப்படி வேணும்னு மட்டும் எழுதிருந்தா அது ஆசையா நின்னுருக்கும், தரம் சமம்னு சொல்லுதுன்னு எழுதுனதுனால கோளாறாச்சு. அதே நேரம் எப்படிச் சரி பண்ணணும்னு அந்தக் கட்டத்துல எழுதல. பிரிஞ்ச குறியைச் சேத்து ஒண்ணாக்குத யூனிகோடு வடிவமான `NFC`க்கு மாத்துங்கன்னு அங்க எழுதிட்டா வர வேண்டியது என்னங்கறது மறைஞ்சு, என் வைத்தியம் மட்டும் நிக்கும். அதை ஊகத்தோட சேத்துக் கீழ வச்சேன். அவரும் அதைத்தான் செஞ்சாரு, இம்போர்ட்லயும் தேடல் பெட்டிலயும் `unicodedata.normalize("NFC", s)` ஓட்டி, ஏற்கனவே இருக்க பேரையும் ஒருக்க மாத்தி விட்டாரு. கடையில நாலு கோமதியும் வந்தாவ.

வந்த பொறவு அண்ணாச்சியே போன் பண்ணி, "தம்பி, சௌந்தரம் இன்னும் வரல"ன்னாவ. அதே டிக்கெட்டைத் திரும்பத் தொறக்கச் சொன்னாங்க, நான் தொறக்கல, புதுசா நாலு தலைப்பு போட்டேன். பிரிச்சுப் பாத்தா சகரத்துக்குப் பின்னாடி `U+0BC6`, அதுக்குப் பொறவு `U+0BB3`, அதாவது சாதா ளகரம். பழைய ஃபான்ட்ல ஔகாரத்தோட கடைசித் துண்டும் ளவும் ஒரே உருவம், ளவையே அடிச்சு வச்சுருக்காங்க, கன்வெர்ட்டரும் ளன்னே எழுதிருச்சு. யூனிகோட்ல ஔகாரத்துக்கு உரிய துண்டு `U+0BD7`, ள அதுக்குச் சமம் கெடையாது, அதனால `NFC` அதைத் தொடாது. இங்க "வர வேண்டியது"ல தரத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியல, ஏன்னா லிஸ்ட்ல இருக்கது எழுத்துப்படி "செளந்தரம்", தேடல் பண்ணது சரி தான். டிக்கெட்டை தேடல் கோளாறுன்னு போடாம, இம்போர்ட் பண்ணும்போது கொம்புக்குப் பின்னாடி ள வந்தா எச்சரிக்கை காட்டணும்னு ஒரு வேண்டுகோளா மாத்துனேன். தானா மாத்தவும் சொல்ல முடியாது, வெள்ளை, கெளுத்தின்னு கொம்புக்குப் பொறவு ள வார நெசமான சொல்லு எவ்வளவோ இருக்கு. கடை லிஸ்ட்ல இருந்த சௌந்தரங்களை அண்ணாச்சியும் நானும் போன்ல உக்காந்து ஒவ்வொண்ணா கையால திருத்துனோம்.