இருநூறு வந்தால் எந்த வரி?

கேஸ் ஷீட்டில் அந்த ஆணை மொத்தம் ஐந்து வரி. பொது மருத்துவ வார்டில் படுத்திருந்த எழுபது வயதைத் தாண்டிய அம்மாவுக்கு, தோலுக்கடியில் ரெகுலர் இன்சுலின், நான்கு வேளை, ஸ்லைடிங் ஸ்கேல்படி; அதாவது அந்த நேரத்துச் சர்க்கரை அளவு ஏற ஏற ஊசியின் அளவும் ஏறும். 150–200 என்றால் 4, 200–250 என்றால் 6, 250–300 என்றால் 8 அல்லது 6, 300–350 என்றால் 10, 350க்கு மேல் 12, பக்கத்தில் 'தகவல் தெரிவிக்கவும்'. எல்லா எண்களின் வாலிலும் ஆங்கில 'யு' எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரியில் ஓர் எண்ணின் மேலேயே இன்னோர் எண் எழுதப்பட்டிருந்ததால், மேலே இருப்பது எட்டா ஆறா என்று தெரியவில்லை.

மருத்துவமனை மருந்தாளுநராக என் வேலை, இதைச் செவிலியர்கள் சரிபார்த்துப் பயன்படுத்தும்படி ஓர் அட்டவணையாக எழுதித் தருவது. கேட்பதற்கு எழுத்தர் வேலை போலத் தோன்றும். ஆனால் கோணல்மாணலான கையெழுத்தைப் பார்க்கும் செவிலியர் சந்தேகப்படுவார்; கோடு போட்ட கட்டத்துக்குள் அச்செழுத்தில் இருப்பதை அப்படியே நம்பிவிடுவார். ஆகவே நான் ஊகித்து நிரப்பும் ஒரே ஒரு கட்டம்கூட, டாக்டர் எழுதியது போன்ற மதிப்பைப் பெற்றுவிடும். புரியாத கட்டத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் 'டாக்டரிடம் கேட்க' என்று எழுதுவதே என் வழக்கம்.

மூன்றாவது வரியில் ஊகிக்கும் ஆசை இயல்பாகவே வரும். 4, 6, அடுத்து 10, 12. நடுவில் 8 இருந்தால் படிக்கட்டு ஒழுங்காக ஏறுகிறது. பள்ளிக்கூடக் கணக்கு என்றால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். அந்த நேரம் பார்த்து மதிய உணவுக்கு முந்தைய சர்க்கரை அளவு 268 என்று வந்திருந்தது. "மேடம், எட்டுதானே? போட்டுவிடட்டுமா?" என்று சிஸ்டர் கேட்டார். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டிய ஊசி என்பதால் அவருடைய அவசரம் நியாயமானது. டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை சாப்பாட்டுத் தட்டையும் நிறுத்திவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனில் அழைத்தேன்.

டாக்டர் சொன்னது: முதலில் எழுதியது 8தான். பிறகு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.4 என்று அறிக்கை வந்தது. சிறுநீரகம் தளர்ந்தால் உடலிலிருந்து இன்சுலின் வெளியேறுவது தாமதமாகும். ஒரே அளவு ஊசி கூடுதல் நேரம் வேலை செய்து சர்க்கரையை அதல பாதாளத்துக்குக் கொண்டுபோகலாம். அதனால் அளவைக் குறைக்க நினைத்து, அந்த அம்மாவுக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்த 250–300 வரியை முதலில் திருத்தினார். அதற்குள் வேறு அழைப்பு வந்துவிட்டது. அதாவது 6தான் சரி. மற்ற நான்கு வரிகளும் திருத்தப்படாமல் நின்ற பழைய அளவுகள். மங்கலான எண்ணை மட்டும் கேட்கப் போன இடத்தில், தெளிவாக இருந்த எண்களும் தவறு என்று தெரிந்தது.

போனில் சொன்னதைக் கேட்டு நான் கட்டங்களை மாற்றவில்லை. ஆணை மாறினால் கேஸ் ஷீட்டில்தான் மாற வேண்டும். டாக்டர் வார்டுக்கு வந்து பழைய ஆணையைக் கோடிட்டு அடித்து, புதிதாக எழுதி, நேரம் குறித்துக் கையெழுத்திட்டார். அவர் பேனாவைக் கையில் வைத்திருக்கும்போதே மற்ற கேள்விகளையும் கேட்டுவிட்டேன்.

200 இரண்டு வரியிலும் இருக்கிறது; சரியாக 200 வந்தால் எந்த வரி? 150க்குக் கீழே என்ன செய்வது? 350க்கு மேல் ஊசியைப் போட்டுவிட்டுத் தகவல் சொல்வதா, சொன்ன பிறகு போடுவதா? 'நான்கு வேளை' என்பதில் படுக்கும் நேரமும் அடங்குமா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். ரெகுலர் இன்சுலின் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை உடலில் இருக்கும். இரவு உணவுக்கு முன் போட்டதன் வேகம் தணிவதற்குள், பத்து மணிக்கு மறுபடி பார்த்து இதே அளவில் இன்னொன்று போட்டால், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் நேரத்தில் நோயாளி தூங்கிக்கொண்டிருப்பார். படுக்கும்போது அளவை மட்டும் பாருங்கள், இந்த அட்டவணைப்படி ஊசி வேண்டாம் என்று எழுதினார். கடைசியில் உருவானது இது:

| உணவுக்கு முன் சர்க்கரை (மி.கி./டெ.லி.) | ரெகுலர் இன்சுலின் |
|---|---|
| 70க்குக் கீழ் | போடக்கூடாது, தாழ்சர்க்கரைச் சிகிச்சை, டாக்டரை அழைக்கவும் |
| 70–150 | போட வேண்டாம் |
| 151–200 | 2 யூனிட் |
| 201–250 | 4 யூனிட் |
| 251–300 | 6 யூனிட் |
| 301–350 | 8 யூனிட் |
| 351ம் அதற்கு மேலும் | 10 யூனிட் போட்டு, உடனே டாக்டரை அழைக்கவும் |
| கருவி அளக்க முடியாத உயரத்தில், HI என்று காட்டினால் | போடாமல் டாக்டரை அழைக்கவும். ஆய்வகத்துக்கு ரத்தம் அனுப்பவும் |

இது அந்த ஒரு நோயாளிக்கான அளவு. பக்கத்துக் கட்டிலுக்குக்கூடப் பொருந்தாது.

'யூனிட்' என்பதை முழுதாக எழுதியதற்குக் காரணம் உண்டு. எண்ணை ஒட்டி எழுதிய 'யு' வேகத்தில் மேலே மூடிக்கொண்டால் பூஜ்ஜியமாகிவிடும். 4 என்பது 40 ஆகும். பல நாடுகளில் மருந்து ஆணைகளில் தவிர்க்கச் சொல்லும் சுருக்கம் அது. அட்டவணையின் தலைப்பில் நோயாளியின் பெயர், ஐ.பி. எண்ணோடு இன்னொன்றையும் எழுதுவேன்: குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட், சிவப்பு மூடி சிரிஞ்ச். நம் நாட்டில் 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் சேர்ந்தே புழங்குகின்றன. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 40 யூனிட் மருந்தை அதே 10 கோடு வரை இழுத்தால் 10க்குப் பதில் 4தான் போகும். அட்டவணை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் டிரேயில் தவறான சிரிஞ்ச் இருந்தால் பயனில்லை.

சரிபார்க்கும் முறையையும் சொல்ல வேண்டும். அட்டவணையைக் கையில் கொடுத்து 'சரியா பாருங்கள்' என்றால், பார்ப்பவர் தலையாட்டிவிடுவார். ஒரு சிஸ்டர் கேஸ் ஷீட்டிலிருந்து சத்தமாகப் படிக்க, இன்னொருவர் அட்டவணையில் விரல் வைத்துத் தொடர வேண்டும். பிறகு எல்லை எண்களை வரிசை மாற்றிக் கேட்பேன்: 250? 251? 70? 69? 350? அன்று 150 என்றதும் ஒருவர் "இரண்டு யூனிட்" என்றார். பழைய ஆணையில் 150 ஊசி போடும் வரியில் இருந்த பழக்கம். 151–200 வரியின் மேல் கோட்டைத் தடிமனாக்கினேன். இரண்டு பேரும் கையெழுத்திட்ட பிறகு 268க்கு 6 யூனிட் போனது. சாப்பாடு சற்றே ஆறிவிட்டது என்று அந்த அம்மா குறைபட்டுக்கொண்டார்.

எனக்கு ஸ்லைடிங் ஸ்கேல் மேல் பெரிய மரியாதை இல்லை. ஏறிவிட்ட சர்க்கரையைத் துரத்துகிறதே தவிர, ஏறாமல் தடுப்பதில்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் வார்டில் இதை மட்டுமே நம்பிச் சிகிச்சை செய்ய வேண்டாம் என்கிறது. அந்த அம்மாவுக்கும் சில நாட்களில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் தொடங்கப்பட்டது, ஸ்கேல் நிறுத்தப்பட்டது. அட்டவணையின் குறுக்கே கோடு போட்டு, நிறுத்திய தேதியும் நேரமும் எழுதிக் கோப்பில் சேர்த்தோம். கட்டில் முனையில் யாரோ வசதிக்காக ஒட்டியிருந்த நகலைக் கண்டுபிடித்துக் கிழிக்கத்தான் கூடுதல் நேரம் பிடித்தது.