வலி இல்லாதபோது எடுத்த ஈசிஜி

எனக்கு வந்தது மாரடைப்பு இல்லை, அதற்கு ஒரு படி முந்தைய நிலை. இதய மருத்துவர்கள் அதை வெல்லன்ஸ் சிண்ட்ரோம் என்கிறார்கள். விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதோடு, இதில் ஈசிஜி நடந்துகொள்ளும் விதம் நாம் நினைப்பதற்கு நேர் எதிராக இருக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ராசிபுரம் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் நான். வயது 54. பிரஷருக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். சில வாரங்களாகவே மாடிப்படி ஏறினால் நடு நெஞ்சில் ஓர் இறுக்கம் வரும், நின்றால் போய்விடும். ஒரு நாள் விடியற்காலையில் படுத்திருக்கும்போதே வந்தது. இடது தோள் கனத்தது, வியர்வையில் பனியன் நனைந்தது. அரை மணி நேரத்துக்குள் தானாகவே அடங்கியும் விட்டது. விடிந்ததும் வீட்டுக்காரம்மா விடவில்லை, பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஈசிஜி எடுத்தார்கள். "இப்ப வலி இருக்கா சார்?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை, இட்லிகூட சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். "நெஞ்சு லீட்ல டி அலை கொஞ்சம் கவுந்திருக்கு. பெருசா ஒண்ணும் தெரியல. எதுக்கும் சேலத்துல ஒரு டி.எம்.டி. பண்ணிப் பார்த்துடுங்க" என்று எழுதிக்கொடுத்தார். கூடவே கேஸுக்கு ஒரு மாத்திரை. டி.எம்.டி. என்பது ஓடுபட்டையில் நடக்கவிட்டு, இதயத் துடிப்பை ஏற்றி, ஈசிஜி எப்படி மாறுகிறது என்று பார்க்கும் சோதனை.

சேலத்தில் அந்தச் சோதனை அறையில் சட்டையைக் கழற்றி, நெஞ்சில் மின்முனைகளை ஒட்டி, நடப்பதற்கு முன் ஓர் ஈசிஜி எடுத்தார்கள். டெக்னீஷியன் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. தாளைக் கிழித்துப் பார்த்தவர், என்னைப் பட்டையில் ஏறச் சொல்லவில்லை. "சார், கொஞ்சம் அப்படியே படுத்திருங்க. நடக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது இதய மருத்துவரும் கூடவே வந்தார்.

மருத்துவர் முதலில் கேட்டது "வலி இருக்கா" என்று இல்லை. "கடைசியா எப்ப வலி வந்துச்சு? எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்றார். விடியற்காலைக் கதையைச் சொன்னேன். சோதனையை ரத்து செய்யச் சொல்லிவிட்டு, சக்கர நாற்காலி கொண்டுவரச் சொன்னார். சற்று முன்புதான் நானே நடந்து வந்த வராந்தாவில் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூச்சமாக இருந்தது.

வரைபடம் படிப்பது என் பிழைப்பு என்பதால் தாளைக் காட்டச் சொன்னேன். அவரும் பொறுமையாகவே காட்டினார். ஈசிஜி தாளில் ஒரு சிறு கட்டம் 1 மில்லிமீட்டர். வழக்கமான அளவீட்டில் அது உயரவாக்கில் 0.1 மில்லிவோல்ட். ஒவ்வொரு துடிப்பிலும் கூர்மையான முள் எழுந்து அடங்கியதும், பின்னால் மெதுவாக ஒரு சின்ன மேடு வரும். அதுதான் டி அலை. நெஞ்சின் முன்பக்கம் ஒட்டும் வி2, வி3, வி4 லீடுகளில் பெரியவர்களுக்கு அது பொதுவாக மேல்நோக்கித்தான் இருக்கும். எனக்கு வி3-இல் அது எட்டு கட்டம் கீழே இறங்கியிருந்தது. இறங்கும் சரிவும் ஏறும் சரிவும் ஒரே மாதிரி, காம்பஸ் வைத்துத் திருப்பிப் போட்டதுபோல.

கவிழ்ந்த டி அலை எல்லாமே இந்த நோய் இல்லை என்பதையும் அவரே சொன்னார். பிரஷரால் இதயச் சுவர் தடித்துப் போனவர்களுக்கும் கவிழும். மூளையில் ரத்தக் கசிவு, நுரையீரலில் ரத்தக்கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் மற்றவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். முதலில், நெஞ்சுவலி வந்து போயிருக்க வேண்டும், தாள் எடுக்கும்போது வலி இருக்கக் கூடாது. முள்ளின் உயரம் குறையாமல் இருக்க வேண்டும். தசை செத்துப்போனதைக் காட்டும் க்யூ அலை இருக்கக் கூடாது. முள்ளுக்கும் டி அலைக்கும் நடுவே உள்ள எஸ்டி கோடு கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். எனக்கு எல்லாம் அப்படியே பொருந்தின. குடலிறக்க ஆபரேஷனுக்காக எடுத்த பழைய ஈசிஜி வீட்டில் இருந்தது. மைத்துனன் போய் எடுத்து வந்தான். அதில் இதே லீடுகளில் டி அலை மேலே நின்றது. ஆக, இது புதிது.

நான் பார்த்தது ஆழமாகக் கவிழும் வகை. அதுதான் அதிகம் வருமாம். இன்னொன்றில் டி அலை முதலில் கொஞ்சம் மேலே போய், அப்புறம் கீழே இறங்கும். பார்ப்பதற்குச் சாதுவாக இருப்பதால் அதைத் தவறவிடுவது இன்னும் சுலபம் என்றார்.

இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் எல்.ஏ.டி., அதாவது இடது முன் இறங்கு தமனி. அதன் தொடக்கத்திலேயே ஏற்கெனவே சுருங்கிப்போன இடத்தில் ரத்தம் கட்டி, குழாய் சற்று நேரம் அடைபட்டிருக்கிறது. வலி அப்போது வந்ததுதான். பிறகு கட்டி தானாகக் கரைந்தோ நகர்ந்தோ வழிவிட்டிருக்கிறது. வலி போய்விட்டது. ரத்தம் மறுபடி பாய்ந்த பிறகுதான் டி அலை கவிழ்கிறது. வெள்ளம் வடிந்த பின் சுவரில் நிற்கும் கறை மாதிரி. சுருக்கம் அங்கேயேதான் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடைக்கலாம். இந்த நிலையில் ஓடுபட்டையில் ஏற்றி இதயத்தை இன்னும் வேலை வாங்கினால், சோதனைக்கு நடுவிலேயே பெரிய மாரடைப்பு வந்துவிடலாம். அதனால்தான் இந்த ஈசிஜி இருப்பவருக்கு டி.எம்.டி. கூடாது.

நெதர்லாந்து மருத்துவர் ஹைன் வெல்லன்ஸின் குழு 1982-இல் இதை எழுதியபோது, இந்த ஈசிஜி இருந்தும் பைபாஸ் செய்யப்படாத 16 பேரில் 12 பேருக்குச் சில வாரங்களுக்குள் முன்சுவரில் பெரிய மாரடைப்பு வந்திருந்தது. இன்றுள்ள மாத்திரைகளும் ஸ்டென்டும் இல்லாத காலம் அது.

ஐசியுவில் சேர்த்ததும் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார்கள். டிகாகிரலார் 90 மில்லிகிராம் இரண்டு, கொழுப்புக்கு அடார்வாஸ்டாட்டின் 80, ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஓர் ஊசி. எக்கோ எடுத்தார்கள். இதயச் சுவர் எல்லா இடத்திலும் ஒழுங்காக அசைந்தது. இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோப்போனினும் நார்மல்.

மைத்துனனுக்கு இது போதுமாயிருந்தது. "மாமா, பிளட் டெஸ்ட் நார்மல், எக்கோ நார்மல், உங்களுக்கு வலியும் இல்ல. எதுக்கு இப்ப ஆஞ்சியோ? இன்னொரு டாக்டரைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஸ்டென்ட் வைத்துத்தான் அனுப்புவார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது, தேவையில்லாத ஆஞ்சியோக்களும் நடக்கத்தான் செய்கின்றன. மருத்துவர் கோபப்படவில்லை. "ட்ரோப்போனின் நார்மல்னா தசை இன்னும் சாகலைன்னுதான் அர்த்தம். சாகறதுக்கு முன்னாடி பண்ணணும்னுதான் சொல்றேன்" என்றார். ஆஞ்சியோவை மறுநாள் காலைக்குக் குறித்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரியே மறுபடி வலி வந்தது. அதே இறுக்கம், அதே தோள். ஐசியு நர்ஸ் உடனே ஈசிஜி எடுத்தார். மைத்துனன் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்த பழைய ஈசிஜியோடு ஒட்டிப் பார்த்தான். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. கவிழ்ந்திருந்த டி அலை நிமிர்ந்துவிட்டது. "நார்மலாயிடுச்சு மாமா!" என்றான் சந்தோஷமாக. நர்ஸின் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. அவர் ஏற்கெனவே போனில் மருத்துவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு இது முழுதாக விளங்கியது ஸ்டென்ட் வைத்த பிறகுதான். குழாய் திறந்திருக்கும்போது, வலி இல்லாதபோது, டி அலை கவிழ்ந்திருக்கிறது. குழாய் மறுபடி அடைபட்டால் வலி வருகிறது, கூடவே டி அலை நிமிர்கிறது. அடைப்பு தொடர்ந்தால் எஸ்டி கோடும் மேலே ஏறி, எல்லோருக்கும் தெரிந்த மாரடைப்பு ஈசிஜியாக மாறும். நடுவில் கொஞ்ச நேரம் தாள் நார்மல்போலத் தெரிகிறது. போலி நார்மல் என்பார்கள். வலியோடு வந்த ஒருவருக்கு அந்த நேரத்தில் ஈசிஜி எடுத்து, டி அலை கவிழ்ந்திருந்த முந்தைய தாளோடு ஒப்பிடாமல் போனால், ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட முடியும்.

காலை வரை காத்திருக்கவில்லை, ராத்திரியே கேத் லேபுக்குக் கொண்டுபோனார்கள். காப்பீட்டு ஒப்புதல் அப்புறம் வரட்டும் என்றார்கள். வலது மணிக்கட்டில் மரத்துப்போக ஓர் ஊசி, பிறகு மெல்லிய குழாய் உள்ளே போனது. சாயம் செலுத்தியபோது உடம்பில் லேசாகச் சூடு பரவியது, அவ்வளவுதான். தலையைச் சாய்த்தால் திரை தெரிந்தது. கிளை கிளையாகக் கறுப்புக் கோடுகள், அதில் எல்.ஏ.டி. தொடங்கிய சற்று தூரத்திலேயே நூலாகச் சிறுத்துப்போன ஓரிடம். 95 சதவீத அடைப்பு என்றார். பலூனால் விரித்து, மருந்து பூசிய ஒரே ஸ்டென்ட். மற்ற குழாய்களில் பெரிதாக ஒன்றுமில்லை. சாயம் மறுபடி பாய்ந்தபோது நூல் இருந்த இடம் சீராகத் தடித்திருந்தது.

மறுநாள் ஈசிஜியில் டி அலை திரும்பவும் ஆழமாகக் கவிழ்ந்திருந்தது. மைத்துனன் பதறிவிட்டான். குழாய் திறந்துவிட்டதற்கு அதுவே அடையாளம், நிமிர வாரக்கணக்கில் ஆகும் என்று விளக்கினார்கள். அப்படியே ஆனது. நிமிர்ந்த பிறகு எடுத்த ஈசிஜியை மருத்துவர் என் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். கவிழ்ந்திருந்த தாளையும், வலியோடு எடுத்த தாளையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். எங்கே போய் நெஞ்சுவலி என்று படுத்தாலும் மூன்றையும் காட்ட வேண்டும் என்பது அவர் உத்தரவு.

இப்போது ஆஸ்பிரினும் டிகாகிரலாரும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என் விஷயத்தில் இரண்டையும் சேர்த்து ஒரு வருடம் போட வேண்டும் என்றார்கள், இடையில் நானாக எதையும் நிறுத்தக் கூடாது. போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்று தொல்லை கொடுத்தது. பிடுங்கினால் ரத்தம் நிற்காது, ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார் பல் மருத்துவர். நான் நிறுத்தாமல் இதய மருத்துவருக்குப் போன் போட்டேன். புது ஸ்டென்டில் ரத்தம் கட்டினால் பழையபடி அதே இடம்தான் அடைபடும், மாத்திரையை நிறுத்தாமலே ஒரு பல்லைப் பிடுங்கலாம், பஞ்சு வைத்து அழுத்தித் தையல் போட்டால் போதும் என்று பல் மருத்துவரிடம் அவரே பேசினார். பல் போய்விட்டது. சாயங்காலம் வரை எச்சிலில் லேசாக ரத்தம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது.