பேர் போட்டும் போதாத இடம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர்களின் எழுத்துக்கு உதவும் பிரிவில் வேலை பார்க்கிறேன். கருத்துத் திருட்டு என்று சந்தேகம் எழுந்து விசாரணைக்கு அழைக்கப்படும் மாணவர்கள், அதற்கு முன் எங்களிடம் வந்து பேசலாம் என்று ஏற்பாடு. காசு கொடுத்து எழுதி வாங்கியவர்கள் வருவதே இல்லை. தாங்கள் செய்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். வருகிறவர்களில் பெரும்பாலோர், கையில் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, இதில் என்ன தப்பு என்றே புரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள்.

நீர் மேலாண்மையில் முதுநிலை படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் அப்படித்தான் வந்தான். முதல் பருவத்தின் முதல் கட்டுரை. நான் தமிழ் என்று தெரிந்ததும் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, “அக்கா, நான் எதையும் மறைக்கலையே. ஒவ்வொரு பத்திக்குக் கீழேயும் ஆசிரியர் பேரு, வருஷம் எல்லாம் போட்டிருக்கேனே?” என்றான். உண்மைதான், போட்டிருந்தான். கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்குக் குழப்பம்தான் இருந்தது.

அவன் படித்த கட்டுரையில் இருந்த வாக்கியம், தமிழில் சொன்னால், ஏறத்தாழ இப்படி: “சொட்டு நீர்ப் பாசனத்தால் ஒரு வயலில் பயன்படும் நீரின் அளவு குறைந்தாலும், மிச்சமாகும் நீரைக் கொண்டு விவசாயிகள் சாகுபடிப் பரப்பை விரிவாக்குவதால், ஆற்றுப் படுகை அளவில் மொத்த நீர் நுகர்வு குறைவதில்லை.”

அவன் எழுதியது: “சொட்டு நீர்ப் பாசன முறையால் ஒரு நிலத்தில் செலவாகும் நீரின் அளவு குறைந்தபோதும், மீதமாகும் நீரை வைத்து உழவர்கள் பயிரிடும் பரப்பை அதிகரிப்பதால், படுகை அளவில் ஒட்டுமொத்த நீர்ப் பயன்பாடு குறைவதில்லை.” இதே மாதிரி நான்கைந்து வாக்கியங்கள், பத்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயர்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும்: வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல் மட்டும் வந்திருக்கிறது. ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களில் இதற்குத் தனியாகப் பெயர் வைத்து, இது திருட்டு எண்ணத்தில் செய்வது அல்ல, புதிய துறையின் மொழிக்குள் நுழைகிறவர்கள் கடந்துபோகும் ஒரு கட்டம் என்று வாதாடினார். அவர் சொன்னது சரி என்பதை என் மேசைக்கு எதிரே தினமும் பார்க்கிறேன். ஆனால் பல்கலைக்கழக விதிமுறை அவர் பக்கம் முழுதாகச் சாயவில்லை. பல இடங்களில் முதல் தடவை என்றால் ‘மோசமான எழுத்துப் பழக்கம்’ என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அனுப்புவார்கள். இரண்டாம் தடவை அதே வாக்கியங்கள் முறைகேடு ஆகிவிடும்.

அந்தப் பையன் பழகி வந்த முறையில் அவன் செய்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு வரையறையைப் பாடநூலில் இருப்பதுபோலவே எழுதினால் முழு மதிப்பெண். சொந்தமாகச் சொல்லப்போய் ஒரு சொல் பிசகினால் அரை மதிப்பெண் போகும். பெரியவர் ஒருவர் திருத்தமாகச் சொல்லிவிட்டதை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்பது அங்கே அடக்கம். பத்தியின் முடிவில் பேர் போடுவது அந்தப் பெரியவருக்கு நன்றி சொல்வது. திருத்துகிறவருக்கும் அந்தப் புத்தகம் தெரியும், எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். யாரும் ஏமாறுவதில்லை.

இங்கே திருத்துகிறவர் அடைப்புக்குறியை வேறு மாதிரி படிக்கிறார். அவருக்கு அது எல்லைக்கல். இந்த வாக்கியம் மூல ஆசிரியருடையது, அடுத்த வாக்கியம் உன்னுடையது. இந்தக் கருத்து அவருடையது, அதைச் சொன்ன விதம் உன்னுடையது. இரட்டை மேற்கோள் குறிக்குள் இருப்பது சொல்லும் அவருடையது. மேற்கோள் குறி இல்லை என்றால் “சொற்கள் என்னுடையவை” என்று நீ கையெழுத்துப் போட்டதாகக் கணக்கு. பையனின் பத்தியில் அந்தக் கையெழுத்துதான் பொய்யாகிப்போனது. கடைசி வரியில் மட்டும் பேர் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: முதல் நான்கு வரிகள் யாருடையவை என்று படிப்பவருக்குத் தெரியாது.

நாங்கள் உட்கார்ந்து அதைத் திருத்தினோம். மூலக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு, அதை எழுதியவர் என்னதான் சொல்கிறார் என்று என்னிடம் வாயால் சொல்லச் சொன்னேன். “தண்ணி வயல்லதான் மிச்சம் ஆகுது, ஆத்துல ஆகலைன்னு சொல்றார்” என்றான். அதையே எழுது என்றேன். கடைசியில் வந்தது இது: “மிச்சமாகும் நீர் ஆற்றுக்குத் திரும்புவதில்லை என்று இன்னார் வாதிடுகிறார் (ஆண்டு, பக்கம்), விவசாயி அதைக் கூடுதல் நிலத்துக்குப் பாய்ச்சிவிடுகிறார். இந்த விளக்கம், பயிரிடக் கூடுதல் நிலம் உள்ள இடங்களுக்குப் பொருந்தும். நான் எடுத்துக்கொண்ட பகுதியில் தரிசு நிலம் ஏறக்குறைய இல்லை. ஆகவே அங்கே பரப்பைப் பார்ப்பதைவிட, தண்ணீர் அதிகம் கேட்கும் பயிருக்கு மாறியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.”

பெயர் இப்போது முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது. இரண்டாவது வாக்கியத்திலிருந்து பேசுவது அவன்தான் என்பதும் ஐயமின்றித் தெரிகிறது. மதிப்பெண் விழுவது அந்த இரண்டாவது வாக்கியத்திலிருந்து கீழே. பழைய பத்தியில் அந்த இடமே இருக்கவில்லை. திருத்துகிறவரின் கண்ணில் அதன் பெரிய குறை நகல் என்பதைவிட, அவன் அதில் இல்லை என்பதுதான்.

இந்த மாதிரிப் பத்திகள் பெரும்பாலும் எழுதும்போது பிறப்பதில்லை, குறிப்பு எடுக்கும்போது பிறக்கின்றன. கட்டுரையிலிருந்து வரிகளை வெட்டி ஒரு கோப்பில் ஒட்டுகிறார்கள், மூன்று வாரம் கழித்துத் திறந்தால் எது வெட்டியது, எது தான் யோசித்தது என்று அவர்களுக்கே தெரிவதில்லை. வெட்டி ஒட்டும் ஒவ்வொரு வரிக்கும் அந்த நிமிடமே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிட வேண்டும், சொந்த யோசனையை வேறு நிறத்தில் வைக்க வேண்டும். நான் சொல்லித் தருவதில் உடனே பலன் தருவது இது ஒன்றுதான்.

அப்புறம், கட்டுரை மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் சதவீதம். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள், முக்கியமாக ஆய்வு மாணவர்கள், “பத்துக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லையே?” என்று கேட்காமல் விடமாட்டார்கள். இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிமுறையில், ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10க்கு மேல் 40 வரை ஒரு நிலை, 40க்கு மேல் 60 வரை அடுத்தது, அதற்கு மேல் இன்னொன்று என்று படி போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை இங்கே அப்படிப் பாதுகாப்பான கோடு கிடையாது. டர்னிட்டின் போன்ற மென்பொருள் ஒரே மாதிரி இருக்கும் சொற்தொடர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அது திருட்டா என்று அதற்குத் தெரியாது. 24 சதவீதம் வரை பச்சை நிறத்தில் காட்டும். பச்சையைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் உண்டு. மேற்கோள்களும் நூற்பட்டியலும் சேர்ந்து 30 காட்டும் கட்டுரை சுத்தமாக இருக்கலாம். 6 சதவீதம் காட்டும் கட்டுரையில் அந்த ஆறும் ஒரே இடத்தில், ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து வந்த ஒரு முழுப் பத்தியாக இருந்தால் கடிதம் வரும். அந்தப் பையனுக்கும் ஒப்புமை குறைவாகத்தான் காட்டியது. மூலக் கட்டுரையைப் படித்திருந்த பாட ஆசிரியர்தான் கண்டுபிடித்தார்.

எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மாற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. அப்படிச் செய்தவர்களின் எழுத்தில் துறைச் சொற்களே மாறிப்போயிருக்கும். ‘நுகர்வு’ என்பதும் ‘பயன்பாடு’ என்பதும் நீரியலில் ஒன்றல்ல. பயன்படுத்திய நீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி மீண்டும் கிடைக்கும், நுகர்ந்தது திரும்பாது. பையனின் வாக்கியத்தில் பாட ஆசிரியரை உறுத்தியது முதலில் அதுதான்.

நண்பர்களோடு சேர்ந்து படிப்பதில் வேறு விதமான அடி விழும். விடுதி அறையில் நான்கு பேர் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டு, நான்கு பேரும் எழுதிக் கொடுப்பது நம்மில் பலருக்குப் படிப்பின் இயல்பான வடிவம். கேட்டும் கொடுக்காதவன்தான் கெட்டவன். இங்கே பேசுவது வரை சரி. ஆய்வகத்தில் குழுவாக எடுத்த அளவீடுகள் எல்லோர் அறிக்கையிலும் ஒன்றாக இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். அளவீட்டிலிருந்து என்ன தெரிகிறது என்ற பகுதியை ஒவ்வொருவரும் தனியே எழுத வேண்டும். “எப்படி எழுதினேன்னு பார்த்துக்கோ” என்று முடித்த கோப்பை அனுப்பியவருக்கும் பல பல்கலைக்கழகங்களில் தண்டனை உண்டு, வாங்கியவருக்கு மட்டும் இல்லை. இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகத்தில் வரும் அதிர்ச்சி மற்ற எதற்கும் வருவதில்லை. எனக்கே இந்த விதி கொஞ்சம் கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் எது வரை அனுமதி என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், சில நிரலாக்கப் பாடங்களில் ஒருவர் குறிமுறையை மற்றவர் பார்ப்பதற்கே தடை. பாட விவரக் கையேட்டில் அந்தப் பத்தியைத் தேடிப் படிக்க வேண்டும். இல்லை என்றால், மின்னஞ்சலில் கேட்டு பதிலை வைத்துக்கொள்ள வேண்டும்.

மேற்கு முழுக்க ஒரே விதி என்று நினைப்பதும் தவறு. ஜெர்மனியில் ஆய்வேட்டோடு ‘இது என் சொந்த உழைப்பு, உதவிய மூலங்கள் எல்லாம் குறிக்கப்பட்டுள்ளன’ என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்குக் காலாவதி இல்லை. அந்நாட்டுக் கல்வி அமைச்சராக இருந்த அன்னெட்டே ஷவான் 1980இல் கொடுத்த ஆய்வேட்டுக்கான பட்டத்தை டியூசல்டார்ஃப் பல்கலைக்கழகம் 2013இல் பறித்தது, அவர் பதவி விலகினார். அந்தக் காலத்தில் அந்தத் துறையில் மேற்கோள் காட்டும் பழக்கம் வேறாக இருந்தது என்று அவர் பக்கம் பேசியவர்கள் வாதாடினார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் முடிவை உறுதிசெய்தது.

பையனுக்கு எச்சரிக்கையும், அதிகபட்ச மதிப்பெண்ணுக்கு வரம்பு வைத்து மறுபடி எழுதும் வாய்ப்பும் கிடைத்தன. திருத்திய பிரதியைக் காட்ட வந்தபோது இன்னொரு சந்தேகம் வைத்திருந்தான். பயிர் மாற்றத்தைப் பார்க்கலாமே என்ற யோசனை, நாங்கள் அன்று பேசும்போது நான் கேட்ட கேள்வியிலிருந்து கிளம்பியது. அதை எங்கே போடுவது? ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் இப்படி நேர்பேச்சில் வந்ததை ‘தனிப்பட்ட தொடர்பு’ என்று பெயர், தேதியோடு கட்டுரைக்குள் மட்டும் குறிக்கலாம், நூற்பட்டியலில் சேர்ப்பதில்லை. படிப்பவர் போய்த் தேடக்கூடிய மூலம் அல்லவே. ஒரு கேள்விக்கு அவ்வளவு தேவையில்லை, விருப்பமிருந்தால் நன்றியுரையில் ஒரு வரி போடு என்றேன். இரண்டிலும் போட்டிருந்தான்.