‘இருக்கிறார்’ எங்கே வேண்டாம்?

“அவர் என் அம்மாவாக இருக்கிறார்.” மொழிபெயர்ப்புகளில் இப்படியொரு வாக்கியம் கண்ணில் பட்டால், ஆங்கில ‘இஸ்’ உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். தமிழில் “அவர் என் அம்மா”, அவ்வளவுதான். எழுவாய் ஒரு பெயர், பயனிலையும் ஒரு பெயர். இலக்கணம் இதைப் பெயர்ப் பயனிலை என்கிறது. வினை விடுபட்டுப் போகவில்லை, தேவைப்படவே இல்லை.

ஆங்கிலத்தில் காலத்தைச் சுமக்க ஒரு வினை வேண்டும். அதனால்தான் ‘ஷீ மை மதர்’ அங்கே வாக்கியமாகாது, நடுவில் ‘இஸ்’ வந்தே தீர வேண்டும். நம் பழக்கத்தில் ‘மை ஃபாதர் டீச்சர்’ என்று சொல்லிவிடுவது இதே வேறுபாட்டின் மறுபக்கம்.

அதற்காக ‘ஆக இருக்கிறார்’ எப்போதும் தவறு என்று சிவப்பு மை அடிக்க வேண்டாம். “அவர் செயலாளர்” என்பது அடையாளம். “அவர் இப்போது செயலாளராக இருக்கிறார்” என்றால் அந்தப் பொறுப்பில் தற்சமயம் இருக்கிறார், நாளை மாறலாம். அம்மா என்பது மாறுகிற பதவி இல்லையே, அதனால்தான் முதல் வாக்கியம் உறுத்துகிறது.

இறந்தகாலமோ எதிர்காலமோ வெளிப்படையாக வேண்டுமென்றால் வினை வந்துவிடும்: “செயலாளராக இருந்தார்”, “செயலாளராக இருப்பார்”. இடத்தைச் சொல்லும்போதும் அப்படித்தான். “சாவி மேசையில்” என்பது கேள்விக்குப் பதிலாகப் போதும். முழு வாக்கியமாக எழுதினால் “சாவி மேசையில் இருக்கிறது”.

மறுக்கும்போது எழுத்தில் “அவர் செயலாளர் அல்ல”, பேச்சில் “செயலாளர் இல்ல”. இங்கேயும் ‘ஆக இருக்கவில்லை’ தேவையில்லை.